சம்பா வயலில் ஆந்தைத் தாங்கி வைத்தால் எலி குறையுமா? வீட்டுப் பூனை, பல்லி பற்றியும் ஒரு சந்தேகம்

நீடாமங்கலம் நெல்வயல்

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு நீடாமங்கலம் பக்கத்தில் 15 மா நிலம், அதாவது 5 ஏக்கர். சம்பா நட்டு 48 நாள் ஆகிறது. ஒரு வாரமாக வயலுக்குள் தூர்கள் வெட்டுப்பட்டுக் கிடக்கின்றன. வரப்பில் நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது. உள்ளே இறங்கிப் போனால் நடுவில் வட்டம் வட்டமாகச் சாய்ந்து கிடக்கிறது. தண்ணீர் மட்டத்துக்கு இரண்டு விரல் மேலே, கத்தியால் சீவியது போலச் சாய்வான வெட்டு. எலிதான், சந்தேகமே இல்லை.

போன வருடம் கடையில் கொடுத்த எலிக் கேக்கை வாங்கி வைத்தேன். எலி கொஞ்சம் குறைந்தது. ஆனால் ஆறாம் நாள் மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் ஒரு கூகை செத்துக் கிடந்தது. வெள்ளை முகம், உடம்பில் ஒரு காயமும் இல்லை. என் மகள்தான் முதலில் பார்த்தாள். அன்றிலிருந்து அந்தக் கேக்கை வாங்க மனம் வரவில்லை.

இந்த வருடம் வயலில் ஆந்தைத் தாங்கி வைக்கச் சொல்கிறார்கள். அது மட்டும் போதுமா? எத்தனை வைக்க வேண்டும்? அப்புறம், வீட்டில் நெல் மூட்டை அடுக்கியிருக்கும் அறைக்காக இரண்டு பூனை வளர்க்கிறோம். அதே அறையில் பல்லி ஏராளம். பல்லி பூச்சியைத் தின்னும், இருக்கட்டும் என்று நான் சொல்கிறேன். பல்லி விஷம், சாப்பாட்டில் விழுந்தால் ஆள் போய்விடும் என்று அம்மா பயப்படுகிறார். எது உண்மை, எது சும்மா சொல்வது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

இயற்கை வழி திருவாரூர்

அண்ணே, தாராளமாக வையுங்கள். ஒரு கூகை ஒரு ராத்திரிக்கு 10 எலி தின்னும். ஒரு ஜோடி என்றால் 20. மாதத்துக்கு 600 எலி! உங்கள் 5 ஏக்கரில் அவ்வளவு எலியே இருக்காது. எலி பிடிக்கும் கிட்டியும் வேண்டாம், மருந்தும் வேண்டாம். தென்னை மட்டையின் அடிப்பக்கம் மேலே வரும்படி தலைகீழாக ஊன்றி வைத்தால் போதும், அதில் வந்து உட்காரும். ஏக்கருக்கு 10 வையுங்கள். நான் மூன்று வருடமாக அப்படித்தான் செய்கிறேன்.

கூகை இல்லாத ஊர் என்றால் குஞ்சு வாங்கிக்கூட விடலாம் என்று கேள்விப்பட்டேன்.

---

கூகைத்தடம்

நெல்வயல் தம்பி, உங்கள் பதிவில் வெட்டின் அடையாளத்தைச் சரியாகச் சொல்லியிருக்கிறீர்கள். நடு வயலில் வட்டமாக வெட்டுவது வரப்பில் வளை தோண்டி வாழும் வயல் எலியின் வேலை. பயிர் பொதி கட்டும் நேரத்தில் அது தண்டை வெட்டி உள்ளிருக்கும் இளங்கதிரைத் தின்னும். அதன் குட்டி போடும் காலமும் கதிர் வரும் காலத்தை ஒட்டியே வருகிறது. அதனால் உங்களுக்கு இப்போது கையில் இருப்பது இரண்டு, மூன்று வாரம்தான்.

கூகையை நான் 20 வருடத்துக்கு மேலாக மயிலாடுதுறைப் பக்கம் பின்தொடர்கிறேன். அதன் மேல் எனக்கு இருக்கும் அன்பு கொஞ்சநஞ்சமல்ல. அதனாலேயே, அது செய்யாத வேலையை அதன் தலையில் ஏற்றக் கூடாது என்று நினைக்கிறேன்.

ஒரு ராத்திரிக்கு 10 எலி என்பது தவறு. கூகையின் எடை அரைக்கிலோகூட வராது. ஒரு ராத்திரிக்கு அதற்குச் சுமார் 100 கிராம் இரை போதும். சின்னச் சுண்டெலியாகப் பிடித்தால் ஏழெட்டு ஆகலாம். ஓரளவு வளர்ந்த வயல் எலி என்றால் ஒன்றோடு முடிந்துவிடும். குஞ்சு இருக்கும் மாதங்களில் இரண்டு பறவைகளும் ராத்திரி முழுக்க இரை சுமந்து வரும். எண்ணிக்கை அப்போதுதான் உயரும். அந்த இரண்டு மாதக் கணக்கை எடுத்து 12 மாதத்துக்கும் பெருக்கிச் சொல்வதால்தான் இந்தப் பெரிய எண்கள் கிளம்புகின்றன.

இன்னொன்று, கூகைக்கு உங்கள் வேலி தெரியாது. கூட்டிலிருந்து ஒன்றிரண்டு கிலோமீட்டர் சுற்றளவில் எங்கே எளிதாகக் கிடைக்கிறதோ அங்கே பிடிக்கும். அது பிடிக்கும் எலி உங்கள் 5 ஏக்கருக்குள் மட்டும் குறைவதில்லை, ஊர் வயல் முழுக்கப் பரவலாகக் குறைகிறது.

குஞ்சு வாங்குவது பற்றி: அது சட்டப்படி குற்றம். வனவிலங்குச் சட்டம் கூகைக்கும் உண்டு. தேவையும் இல்லை. டெல்டாவில் கூகை இல்லாத ஊர் எனக்குத் தெரிந்து கிடையாது. இல்லாத இடத்தில் கொண்டுபோய் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஹவாய் இருக்கிறது. கரும்புத் தோட்ட எலிக்காக 1958ல் அங்கே கூகையைக் கொண்டுவந்தார்கள். இன்று அது அந்தத் தீவுகளின் அரிய கடற்பறவைகளைப் பிடித்துத் தின்கிறது.

முதலில் ஒரு வேலை செய்யுங்கள். மாலையில் வரப்பு முழுக்க நடந்து கண்ணில் படும் எல்லா வளையையும் மண் வைத்து அடையுங்கள், எத்தனை என்று எண்ணிக்கொள்ளுங்கள். மறுநாள் விடிந்ததும் எத்தனை திறந்திருக்கிறது, எத்தனை இடத்தில் புது மண் தள்ளியிருக்கிறது என்று பாருங்கள். அதுதான் ஆள் குடியிருக்கும் வளை. அந்த எண் இல்லாமல் தாங்கி வேலை செய்ததா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது.

---

அடையார் மூன்றாம் மாடி

நல்ல நேரத்தில் இந்தப் பேச்சு வந்தது. எங்கள் குடியிருப்பில் கார் நிறுத்துமிடத்தில் பெருச்சாளி தொல்லை. போன மாதம் என் காரின் ஒயரைக் கடித்துவிட்டது, செலவு பதினோராயிரம். இரண்டு தெருப்பூனைகளுக்குத் தினமும் சாப்பாடு வைக்கிறோம். எங்களுக்கு எந்த வகை ஆந்தைத் தாங்கி பொருந்தும்? மொட்டை மாடியில் வைக்கலாமா?

---

இயற்கை வழி திருவாரூர்

கூகைத்தடம் ஐயா, நீங்கள் சொல்வதை மதிக்கிறேன். ஆனால் தாங்கி வைத்த மூன்று வருடமும் என் வயலில் எலி குறைவு. இதைக் கண்ணால் பார்த்தவன் நான். அதை எப்படி இல்லை என்று சொல்வது?

---

கூகைத்தடம்

இல்லை என்று சொல்லவில்லை தம்பி. மூன்று கேள்வி கேட்கிறேன். அந்த மூன்று வருடத்தில் வரப்பைச் செதுக்கி மெலிதாக்கினீர்களா? சுற்றியுள்ளவர்கள் கிட்டி வைத்தார்களா? மழையில் வயல் மூழ்கியதா?

---

இயற்கை வழி திருவாரூர்

வரப்பு ஒவ்வொரு வருடமும் செதுக்குவோம். அகலமாக விட்டால் எலி தோண்டும் என்று அப்பா சொல்வார், ஓர் அடிக்கு மேல் விடுவதில்லை. இரண்டாம் வருடம் கார்த்திகையில் நாலு நாள் தண்ணீர் நின்றது. பக்கத்து வயல்காரர் கிட்டிக்காரரைக் கூப்பிட்டார், உண்மைதான்.

---

கூகைத்தடம்

அந்த மூன்றுமே எலியைக் குறைக்கும். வரப்பு ஒல்லியாக இருந்தால் வளை தோண்ட இடமே இல்லை. தண்ணீர் நின்றால் குட்டிகள் வளையிலேயே போய்விடும். இவற்றோடு தாங்கியும் உதவியிருக்கலாம், எவ்வளவு என்பதைத்தான் பிரித்துச் சொல்ல முடியாது. உங்கள் அப்பா சொன்ன பேச்சை விட்டுவிடாதீர்கள்.

---

உரக்கடை 28 வருடம்

நான் மருந்து விற்பவன். அதனால் என் பேச்சைச் சந்தேகத்தோடுதான் படிப்பீர்கள், பரவாயில்லை.

பொதிப் பருவத்தில் வந்து நிற்பவரிடம் ஆந்தை வரும், பொறு என்று என்னால் சொல்ல முடியாது. ஒரு வாரம் பொறுத்தால் ஒரு மா போய்விடும். கேக் வைத்தால் எலி பெரும்பாலும் வளைக்குள்ளேயே சாகிறது, வெளியே கிடப்பது குறைவு. பழைய கறுப்பு மருந்து, அதுதான் ஜிங்க் பாஸ்பைடு, அதில் சிக்கல் வேறு. முதல் நாள் கொஞ்சம் தின்று வயிறு வலித்த எலி இரண்டாம் முறை அந்தத் தீனியைத் தொடாது. இரண்டு மூன்று நாள் மருந்து கலக்காத பொரியை வைத்துப் பழக்கிய பிறகுதான் வைக்க வேண்டும். அதற்கு யாருக்கும் பொறுமை இல்லை, அதனால்தான் கேக் கேட்கிறார்கள்.

---

கூகைத்தடம்

நீங்கள் மறைக்காமல் பேசுவது நல்லது. பழக்கித்தான் வைக்க வேண்டும் என்பது முழுக்கச் சரி. இந்தப் பருவத்தில் கூகையை நம்பிக் கையைக் கட்டி உட்கார முடியாது என்பதிலும் உங்களோடு ஒத்துப்போகிறேன்.

கேக் விஷயத்தில் மட்டும் மாறுபடுகிறேன். அதில் இருப்பது புரோமடியோலோன், இரத்தத்தை உறையவிடாமல் செய்வது. தின்ற எலி உடனே சாவதில்லை, நாலைந்து நாள் உயிரோடு திரியும். கடைசி நாட்களில் தள்ளாடும், பகலிலும் வெளியே வரும். கூகைக்கும் பூனைக்கும் அதைவிட எளிதான இரை எது? மருந்து எலியின் ஈரலில் தங்கியிருக்கும், பிடித்துத் தின்பதன் ஈரலில் போய்ச் சேரும், அங்கே பல வாரம் தங்கும். ஒரே எலியில் சாகாவிட்டாலும் நாலாவது, ஐந்தாவது எலியில் சாகலாம். நெல்வயல் தம்பி பார்த்த கூகை ஆறாம் நாள் காயமில்லாமல் கிடந்தது இதற்குப் பொருந்துகிறது. அறுத்துப் பார்க்காமல் அடித்துச் சொல்ல மாட்டேன்.

மலேசியாவில் இதே கதை பெரிய அளவில் நடந்தது. செம்பனைத் தோட்டங்களில் கூட்டுப் பெட்டி வைத்துக் கூகையைப் பெருக்கினார்கள். 25 ஏக்கருக்கு ஒரு பெட்டி அளவில் நெருக்கமாக வைத்த இடங்களும் உண்டு. எலிச் சேதம் குறைந்தது. கேக்கைச் சேர்ந்த வீரியமான மருந்துகள் வந்து சேர்ந்த தோட்டங்களில் கூகைகள் சரியத் தொடங்கின. ஒரே தோட்டத்தில் இரண்டையும் வைத்தால் மருந்து கூகையைத் தின்றுவிடும்.

---

உரக்கடை 28 வருடம்

செத்த எலியைக் காலையில் பொறுக்கிப் புதைத்தால் அவ்வளவு ஆபத்து இல்லை என்பது என் அனுபவம். ஆனால் தள்ளாடும் எலியைப் பற்றி நீங்கள் சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை. உயிரோடு இருக்கும் எலியை எப்படிப் பொறுக்குவது?

---

டெங்குக் களப்பணி

நான் ஊராட்சியில் கொசுப்புழு ஒழிப்பு வேலை பார்க்கிறேன். பல்லியைப் பற்றி எழுதலாம் என்று வந்தேன்.

நம் வீட்டுப் பல்லிக்கு விஷம் கிடையாது. விஷச் சுரப்பியே இல்லை. ஆனால் உங்கள் அம்மாவின் பயம் முழுக்க வீண் என்றும் சொல்ல மாட்டேன். பல்லியின் குடலிலும் எச்சத்திலும் சால்மோனெல்லா என்ற கிருமி இருக்கலாம். வயிற்றுப்போக்கு, காய்ச்சல் கொடுக்கும் கிருமி அது. பல்லி விழுந்த சாப்பாட்டைக் கொட்டிவிடுவதுதான் சரி. சாப்பிட்டவர்களுக்கு வாந்தி, பேதி வந்தால் மருத்துவமனைக்குக் கூட்டிப் போவதும் சரி. காரணம் மட்டும் வேறு. மூட்டை அறையில் பாதிப்பு இல்லை, நெல்லை எப்படியும் அவித்துக் குத்திச் சோறாக்கித்தானே சாப்பிடுகிறோம். அடுக்களையில் பாத்திரத்தை மூடி வையுங்கள், மேடையில் எச்சம் இருந்தால் சோப்புப் போட்டுத் துடையுங்கள்.

இப்போது என்னைத் தினமும் உறுத்தும் விஷயத்துக்கு வருகிறேன். வீடு வீடாகப் போய்த் தொட்டியைத் திறக்கச் சொல்லும்போது, "எங்கள் வீட்டில் பல்லி நிறைய இருக்கிறது, கொசுவைப் பார்த்துக்கொள்ளும்" என்று நிறையப் பேர் சொல்கிறார்கள். டெங்கு பரப்பும் கொசு பகலில் கடிக்கும். பல்லி ராத்திரியில் இரை தேடும். பகலில் அது படத்துக்குப் பின்னால் தூங்குகிறது, கொசு உங்கள் பிள்ளையின் காலைக் கடிக்கிறது. இரண்டும் சந்திக்கும் நேரமே குறைவு.

ராத்திரிக் கொசுவைப் பல்லி பிடிக்கும், நான் பார்த்திருக்கிறேன். ஆனால் டியூப்லைட் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பல்லிக்கு எது அதிகம் கிடைக்கிறது என்று ஒரு மணி நேரம் பாருங்கள். அந்துப்பூச்சி, சின்ன வண்டு, மழை விட்டதும் ஈசல், சில நேரம் கரப்பான் குஞ்சு. கொசு விளக்கைத் தேடி வருவதில்லை, மனித மூச்சையும் வாசனையையும் தேடி வருகிறது. அப்புறம், பல்லி சிலந்தியையும் தின்னும். அந்தச் சிலந்தி கொசுவைப் பிடித்துக்கொண்டிருந்திருக்கும்.

---

நீடாமங்கலம் நெல்வயல்

அம்மாவிடம் படித்துக் காட்டினேன். விஷம் இல்லை என்பதை நம்ப அவருக்கு இன்னும் கொஞ்ச நாள் ஆகும். ஆனால் பாத்திரத்தை மூடச் சொன்னதற்கு, "இதைத்தானே நானும் சொல்கிறேன்" என்றார்.

மூட்டை அறையில் நெல்லந்துப்பூச்சி பறக்கும். அதைப் பல்லி பிடிப்பது உதவிதானே?

---

டெங்குக் களப்பணி

பறக்கும் அந்துப்பூச்சியைப் பிடிக்கும், சரி. ஆனால் நெல்லுக்குள் இருக்கும் புழுவைப் பல்லியால் தொட முடியாது, சேதம் செய்வது அந்தப் புழுதான். நன்றாகக் காயவைத்து அடுக்குவது பல்லியைவிட அதிகம் செய்யும்.

---

சமையலறை ஜன்னல்

முட்டை ஓடு வைத்தால் பல்லி வராது, மயிலிறகு வைத்தால் ஓடிவிடும் என்பதைப் பற்றி யாராவது சொல்லுங்கள். எனக்கு மயிலிறகு வேலை செய்தது. முட்டை ஓடு வேலை செய்யவில்லை. ஓட்டின் மேலேயே ஒரு பல்லி உட்கார்ந்திருந்ததைப் படம் எடுத்து வைத்திருக்கிறேன்.

---

டெங்குக் களப்பணி

மயிலிறகு வைத்தபோது வேறு ஏதாவது மாறியதா அக்கா? விளக்கை மாற்றினீர்களா?

---

சமையலறை ஜன்னல்

வெள்ளையடித்தோம். அலமாரிக்குப் பின்னால் இருந்த இடுக்கையும் அடைத்தோம். ஆனாலும் எனக்கு மயிலிறகின் மேல்தான் நம்பிக்கை.

---

கூகைத்தடம்

அடையார் அன்பரின் கேள்வி நடுவில் நின்றுவிட்டது. உங்கள் கார் நிறுத்துமிடத்துக்கு ஆந்தைத் தாங்கி உதவாது. கூகை திறந்த வெளியில் வேட்டையாடுவது, தூணுக்கும் காருக்கும் நடுவில் வராது. நாம் இங்கே பேசுவது வயலைப் பற்றி. உங்களுக்குப் பூனைக் கணக்குத்தான் பொருந்தும், அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது.

நியூயார்க்கின் புரூக்ளினில் ஒரு குப்பை மறுசுழற்சிக் கிடங்கில் எலிகளுக்கு அடையாளச் சில்லு பொருத்தி, கேமரா வைத்து, தெருப்பூனைகள் என்ன செய்கின்றன என்று 79 நாள் பார்த்தார்கள். முடிவு 2018ல் வெளிவந்தது. அத்தனை நாளில் பூனைகள் கொன்ற எலி இரண்டே இரண்டு. பூனைகள் நடமாடிய நாட்களில் எலிகள் வெளியே வருவதைக் குறைத்துக்கொண்டன, அவ்வளவுதான். பார்ப்பவருக்கு எலி குறைந்துவிட்டது போலத் தெரியும். சுவருக்குள் அதே எண்ணிக்கையில் இருக்கும்.

பூனை சுண்டெலியை நன்றாகப் பிடிக்கும், எலிக்குஞ்சையும் பிடிக்கும். கால்கிலோவைத் தாண்டிய எலி திருப்பிக் கடிக்கும், அதோடு எந்தப் பூனையும் வம்புக்குப் போக விரும்பாது. உங்கள் பெருச்சாளி அதையும் தாண்டியது. அந்த இரண்டு பூனைக்கும் நீங்கள் வைக்கும் சோற்றின் மிச்சத்தைப் பெருச்சாளிதான் ராத்திரி தின்கிறது என்று சந்தேகப்படுகிறேன். ஒரு ராத்திரி தட்டைச் சுற்றிச் சுண்ணாம்புப் பொடியோ கோலமாவோ மெலிதாகத் தூவிக் காலையில் காலடியைப் பாருங்கள்.

---

அடையார் மூன்றாம் மாடி

தூவிப் பார்த்தேன். பூனைக் காலடி கொஞ்சம். மற்றதெல்லாம் நீள விரல் காலடி, நடுவில் வால் இழுத்த கோடு. மாடியில் இருப்பவர்களிடம் எல்லாம் காட்டினேன். இனிமேல் சாப்பாட்டை மாலை ஆறு மணிக்கு வைத்து, அரை மணி நேரத்தில் தட்டை எடுத்துவிடுவது என்று முடிவு செய்திருக்கிறோம். கழிவுநீர்க் குழாயின் உடைந்த மூடியையும் மாற்றப் போகிறோம்.

---

நீடாமங்கலம் நெல்வயல்

அப்படியென்றால் என் மூட்டை அறைப் பூனைகள் வீணா? அவை சுண்டெலி பிடித்து வந்து வாசலில் போடுகின்றனவே.

---

கூகைத்தடம்

வீண் இல்லை. பூனை வேலை செய்யும் இடம் சரியாக உங்கள் மூட்டை அறைதான். சார்லஸ் எல்டன் என்ற ஆய்வாளர் இங்கிலாந்துப் பண்ணைகளைப் பார்த்துவிட்டு 1953ல் எழுதினார்: எலி நிறைந்த பண்ணையைப் பூனைகளால் காலி செய்ய முடியவில்லை. ஆனால் எலியை முதலில் வேறு வழியில் ஒழித்துவிட்ட பண்ணைகளில், புதிதாக எலி வந்து குடியேறாமல் பூனைகள் காத்தன. அந்தப் பூனைகளுக்குக் கொஞ்சம் பாலும் கொடுத்தார்கள். பட்டினி போட்டால்தான் எலி பிடிக்கும் என்பது பொய். பட்டினி கிடக்கும் பூனை வேறு வீட்டுக்குப் போய்விடும்.

கூகைக்கும் இதே கணக்குத்தான். பெருகிய எலியைக் குறைப்பது மனிதனின் வேலை, குறைந்த எலியைப் பெருகவிடாமல் பிடித்துவைப்பதில் கூகை உதவும். எலி மூன்று வாரம் சுமந்து ஆறேழு குட்டி போடுகிறது. நூறு எலி இருக்கும் வயலில் கூகை ஒன்றைத் தூக்கினால் மறுநாளே அந்த இடம் நிரம்பும். பத்து எலி இருக்கும் வயலில் ஒன்றைத் தூக்கினால் அது தெரியும்.

பூனையை வயலுக்குக் கொண்டுபோய் விட வேண்டாம். அங்கே அது காடையையும் ஓணானையும் கவுதாரிக் குஞ்சையும்தான் பிடிக்கும்.

---

நீடாமங்கலம் நெல்வயல்

வளை எண்ணிவிட்டேன். மாலையில் அடைத்தது 94. காலையில் திறந்தும் புது மண் தள்ளியும் இருந்தது 41.

கிட்டிக்காரர் ஒருவரைக் கூப்பிட்டேன். எங்கள் பக்கத்து மூங்கில் கிட்டி, 40 கிட்டி, மூன்று ராத்திரி. பக்கத்து வயல்காரர்கள் இரண்டு பேரிடமும் பேசி அவர்கள் வரப்பிலும் வைத்தோம். என் வயலில் மட்டும் 33 எலி விழுந்தது. ஒரு வாரம் கழித்து மறுபடி அடைத்துப் பார்த்தேன். இப்போது 11 வளை.

அதற்குப் பிறகுதான் தாங்கி வைத்தேன், மொத்தம் 20. மூன்றாம் நாளே மாலை மங்கும் நேரத்தில் ஆந்தை வந்து உட்கார்ந்தது. மகளுக்கு ஒரே சந்தோஷம். பழுப்பு நிறம், உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி, மைனாவை விடக் கொஞ்சம் பெரிது. கிர்ர் கிர்ர் என்று சத்தம்.

---

கூகைத்தடம்

11க்குக் கொண்டுவந்தது பெரிய வேலை. பக்கத்து வயல்காரர்களைச் சேர்த்ததுதான் அதில் பாதி. இல்லாவிட்டால் அவர்கள் வரப்பிலிருந்து ஒரே வாரத்தில் வந்து நிரப்பியிருக்கும்.

மகளின் சந்தோஷத்தைக் கெடுக்க மனமில்லை, ஆனால் அது கூகை இல்லை. புள்ளி ஆந்தை. அதுவும் நல்ல பறவைதான். ஆனால் வண்டு, வெட்டுக்கிளி, ஈசல்தான் அதற்குப் பெரும்பாலும் இரை, எப்போதாவது சுண்டெலி. வயல் எலியை அது தூக்காது. ஆந்தை உட்கார்ந்தது, எலி ஒழிந்தது என்று நிறையப் பேர் சொல்வதில் இந்தக் குழப்பம் இருக்கிறது. கூகை நன்றாக இருட்டிய பிறகு வரும். நெஞ்சு வெள்ளை, முகம் வெற்றிலை போல இருக்கும். அது குழறுவதில்லை, கிறீச்சென்று சீறும். அந்தச் சீறலைக் கேட்டுத்தான் சாக்குருவி என்று பெயர் வைத்து, சாவு வரும் என்று கல்லால் அடிக்கிறார்கள். கோயில் கோபுரத்தில் குஞ்சோடு இருந்த ஒரு ஜோடியை அப்படிக் கலைத்ததை நான் நேரில் பார்த்தேன். இன்றும் நினைத்தால் வலிக்கிறது.

கூகை எங்கே தங்குகிறது என்று தேடுங்கள். பாழடைந்த ஆலை, பழைய மச்சு, கோபுரப் பொந்து. அடியில் கட்டைவிரல் அளவில் கறுப்பாக, வார்னிஷ் பூசியது போலப் பளபளவென்று உருண்டைகள் கிடக்கும். இரையை அப்படியே விழுங்கிவிட்டு, முடியையும் எலும்பையும் உருண்டையாகக் கக்கும். முகக்கவசமும் கையுறையும் போட்டுக்கொண்டு எடுங்கள். வெந்நீரில் ஊறவைத்துப் பிரித்தால் மண்டையோடு முழுசாகக் கிடைக்கும். முன்பல் மஞ்சளாக, அதற்குப் பின்னால் பல் இல்லாத இடைவெளி இருந்தால் எலி இனம். இடைவெளி இல்லாமல் பல் வரிசையாக ஓடினால் மூஞ்சூறு. குஞ்சு சத்தம் கேட்டால் கிட்டே போகாமல் திரும்பிவிடுங்கள்.

---

நீடாமங்கலம் நெல்வயல்

கிடைத்துவிட்டது. அரைக் கிலோமீட்டரில் மூடிக் கிடக்கும் ஒரு பழைய அரிசி ஆலையின் மச்சில் இரண்டு கூகை. குஞ்சு இல்லை. 9 உருண்டை எடுத்து வந்தேன். மகளும் நானும் ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து பிரித்தோம். மொத்தம் 23 மண்டையோடு. சின்னச் சுண்டெலி 14, மூஞ்சூறு 4, பெரியது 5. அந்தப் பெரியதும் கிட்டியில் விழுந்த எலிகளின் மண்டையைவிடச் சின்னதாக இருக்கிறது.

---

கூகைத்தடம்

பெரியவை ஐந்தும் வயல் எலியின் இளசுகள் என்று நினைக்கிறேன். முழு வளர்ச்சி அடைந்த வயல் எலியைக் கூகை அதிகம் தொடுவதில்லை. மூஞ்சூறு பூச்சி தின்பது, அது செத்ததில் உங்களுக்கு லாபம் இல்லை. சுண்டெலி கதிர் முற்றிய பிறகு நெல்லைத் தின்னும், தூரை வெட்டுவது அதன் வேலை இல்லை. ஆக 23ல் 5 தான் உங்கள் எதிரி. ஆனால் அந்த ஐந்தும் இன்னும் இரண்டு மாதத்தில் பெருகத் தொடங்கியிருக்கும்.

---

உரக்கடை 28 வருடம்

5 தானே என்று எனக்குத் தோன்றுகிறது. 33 எலியை மூன்று ராத்திரியில் கிட்டி பிடித்தது. கூகை இல்லாமலேயே இந்த 11 வளை 11 ஆகவே நின்றிருக்கலாம்.

---

கூகைத்தடம்

நின்றிருக்கலாம். தாங்கி வைக்காத ஒரு வயலிலும் அதே வாரங்களில் வளை எண்ணியிருந்தால் தெரிந்திருக்கும். ஒரு வயலை மட்டும் வைத்து நானும் சொல்ல முடியாது, நீங்களும் சொல்ல முடியாது.

நெல்வயல் தம்பி, பால் பிடிக்கத் தொடங்கியதும் தாங்கிகளைப் பிடுங்கிவிடுங்கள். அப்புறம் அதில் சிட்டும் கிளியும் உட்கார்ந்து கதிரைக் கொத்தும்.

---

இயற்கை வழி திருவாரூர்

ஐயா, நான் பிடுங்காமல் விட்டுவிடுவேன். கடைசி மாதத்தில் குருவித் தொல்லை என்று புலம்பியது இதனால்தானா? அடுத்த போகத்தில் நானும் வளை எண்ணுகிறேன். பாதி வயலில் தாங்கி, பாதியில் இல்லாமல் வைத்துப் பார்க்கவா?

---

கூகைத்தடம்

உங்கள் நிலம் எவ்வளவு? சின்ன நிலத்தைப் பாதியாகப் பிரித்தால் எலி அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நடந்து போய்விடும். பெரிய வாய்க்கால் குறுக்கே ஓடும் இடமாகப் பார்த்துப் பிரிக்க முடிந்தால் பரவாயில்லை.

---

நீடாமங்கலம் நெல்வயல்

இன்று கதிர் பால் பிடித்திருக்கிறது, தாங்கிகளைப் பிடுங்கிவிட்டேன். நேற்று வளை எண்ணினேன், 14. கிட்டிக்காரரை ஒரு ராத்திரிக்கு மறுபடி வரச் சொல்லியிருக்கிறேன்.

அரிசி ஆலையை இடிக்கப் போவதாக ஊரில் பேச்சு அடிபடுகிறது. தை அறுவடைக்குள் மோட்டார் கொட்டகைப் பக்கம் ஒரு கூட்டுப் பெட்டி வைக்க ஆசை. தச்சரிடம் என்ன அளவு சொல்ல வேண்டும்?

---

கூகைத்தடம்

நீளம் இரண்டு அடி, அகலமும் உயரமும் ஒன்றரை அடி. வாசல் அரை அடிக்கு மேல் வேண்டாம். வாசலைத் தரையோடு வைக்காமல் மேலே தூக்கி வைக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் குஞ்சு உருண்டு விழும். 15 அடி உயரத்தில், மேற்கு வெயில் வாசலில் அடிக்காத பக்கமாகக் கட்டுங்கள். பூனை ஏறாதபடி கம்பத்தில் தகரம் சுற்றுங்கள். உள்ளே இரண்டு விரல் உயரத்துக்கு இழைப்புளிச் சீவல் போட்டால் போதும். முதல் வருடமே குடிவரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஆலையை இடிக்கும் முன் மச்சில் முட்டை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள், இருந்தால் இடிப்பவரிடம் இரண்டு மாதம் தள்ளிப்போடச் சொல்லிக் கேட்க நானே வருகிறேன்.